சுயவிருப்பு ஓய்வு: ஏழு இலட்சத்தில் கம்பனி தருவது எவ்வளவு?



சுயவிருப்பு ஓய்வு என்ற பெயரில் தோட்டத்து ஒப்பீஸிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. "விரும்பியவர்கள் விண்ணப்பிக்கலாம், இத்தனை இலட்சம் ரூபா கிடைக்கும், இன்ன திகதிக்குள் கையொப்பம் வைக்க வேண்டும்" என்று அதில் எழுதியிருக்கிறது. லயத்தில் இப்போது இதே பேச்சுத்தான். மகளுக்குக் கலியாணம், மகனுக்கு வெளிநாட்டுப் பயணம், அடகுக்கடையில் கிடக்கும் நகை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தேவை இருக்கிறது. இலட்சக் கணக்கில் ஒரு தொகையைக் கேட்டதும் மனம் அசைவது இயல்பு.

எடுக்காதே என்று கட்டளையிட நாம் இதை எழுதவில்லை. எடுப்பதும் விடுவதும் அவரவர் குடும்பத்தின் முடிவு. ஆனால் அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது, அதில் எது ஏற்கெனவே உங்களுடைய பணம், எது நிர்வாகம் புதிதாகத் தருவது என்று பிரித்துப் பார்க்காமல் எவரும் கையொப்பம் வைக்கக் கூடாது என்பதே எமது நிலைப்பாடு. கடிதத்தில் ஒரே ஒரு மொத்தத் தொகைதான் இருக்கிறது. அதைப் பிரித்தால் கதை மாறுகிறது.

முதலில் பணிக்கொடையை எடுப்போம். நாம் சேவைக்காலப் பணம் என்று சொல்வது இதைத்தான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடச் சேவையைப் பூர்த்தி செய்த எவருக்கும் இது உரியது. ஓய்வு பெற்றாலும், தானாக விலகினாலும், நிர்வாகம் நிறுத்தினாலும் கொடுத்தே ஆக வேண்டும். தொழிலாளி இறந்துபோனால் அது அவருடைய வாரிசுகளைச் சேரும். நாட்சம்பளக்காரரான எமக்குக் கணக்கு மிகவும் எளிது. பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். எந்த வருடத்துச் சம்பளம்? கடைசியாக வாங்கிய நாட்சம்பளம்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கொழுந்தெடுக்கும் ஒரு தாய். வயது 47. இருபத்திரண்டு வயதில் பெயர் பதிந்து 25 வருடம் பூர்த்தி செய்துவிட்டார். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாவை அவருடைய நாட்சம்பளமாக எடுத்துக்கொள்வோம். அவருக்கு வந்த கடிதத்தில், ஒரு வருடச் சேவைக்கு 28,000 ரூபா வீதம் 25 வருடத்துக்கு 7 இலட்சம் ரூபா என்று இருக்கிறது என வைத்துக் கொள்வோம். மாதம் 20 பேர் போடுகிற அவருக்கு மாதச் சம்பளம் 27,000 ரூபா. ஆகவே வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலாகத் தருகிறார்களே, தாராளமாகத்தான் தருகிறார்கள் என்று தோன்றும்.

கடிதத்தின் அடியில் உள்ள ஒரு வரியைப் பாருங்கள். "இத்தொகை பணிக்கொடை உட்பட" என்று இருந்தால், முதலில் பணிக்கொடையைக் கழிக்க வேண்டும். 14 நாளை 1,350ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 18,900 ரூபா. 25 வருடத்துக்கு 4,72,500 ரூபா. இது நாளைக்கே அந்தத் தாய் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து விலகினாலும் நிர்வாகம் கொடுக்க வேண்டிய பணம். இதற்காக ஒரு திட்டமும் தேவையில்லை.

7,00,000 ரூபாவில் 4,72,500 ரூபா போனால் மிச்சம் 2,27,500 ரூபா. அவர் தன் நிரந்தர வேலையை விட்டுக் கொடுப்பதற்காகக் கம்பனி உண்மையில் தருவது இவ்வளவுதான். வருடத்துக்கு 28,000 ரூபா என்று பார்த்தது 9,100 ரூபாவாகச் சுருங்கிவிட்டது. அது ஏழு நாள் சம்பளம் கூட இல்லை. அவருடைய மாத வருமானத்தோடு ஒப்பிட்டால், எட்டு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட சம்பளத்துக்கு இருபத்தைந்து வருட வேலை கைமாறுகிறது.

சேமலாப நிதியையும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியையும் இதில் சேர்த்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். "எல்லாம் சேர்த்தால் உங்களுக்குப் பதினைந்து இலட்சத்துக்கு மேல் வரும்" என்று சொல்வார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டப்படுகிறது. நிர்வாகம் 12 சதவீதம் போடுகிறது. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிர்வாகம் 3 சதவீதம் செலுத்துகிறது. இவை வருடக்கணக்காக உங்கள் பெயரில் சேர்ந்த பணம். சுயவிருப்பு ஓய்வு எடுத்ததால் ஒரு சதம் கூடாது, எடுக்காததால் ஒரு சதம் குறையாது. யாராவது இதையும் கூட்டிச் சொன்னால், கூட்டுத்தொகையை நம்பாமல் கழித்தலைச் செய்யுங்கள்.

இன்னொரு விடயத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். வேலையை விட்டதும் சேமலாப நிதி கைக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேலையிலிருந்து விலகிய காரணத்தால் முழுத்தொகையைப் பெற, பெண்களுக்கு 50 வயதும் ஆண்களுக்கு 55 வயதும் நிறைந்திருக்க வேண்டும். எமது உதாரணத்தில் உள்ள தாய்க்கு வயது 47. இன்று விலகினால் அந்தப் பணத்துக்காக மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வருடமும் சம்பளம் இல்லை, நிதிக்கு மாதாந்தப் பணமும் சேராது. நம்பிக்கைப் பொறுப்பு நிதியை மட்டும் வேலையை விட்டதும் விண்ணப்பித்து எடுக்கலாம்.

அடுத்தது, வேலையில் இருந்தால் என்ன கிடைக்கும் என்ற கணக்கு. கடிதத்தில் இது இருக்காது. நாம்தான் போட வேண்டும்.

2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. அந்தச் சட்டம் வந்தபோது 52 வயதை எட்டாதிருந்தவர்களை, வயதைக் காரணம் காட்டி 60க்கு முன் நிறுத்த முடியாது. ஆகவே 47 வயதுத் தாய்க்கு இன்னும் 13 வருட வேலை உரிமை இருக்கிறது. "எப்படியும் 55இல் போகத்தானே வேண்டும், இப்போதே காசை வாங்கிக்கொண்டு போ" என்று யாராவது சொன்னால் அது தவறு.

அவர் 60 வரை இருந்து 38 வருடம் பூர்த்தி செய்தால், சம்பளம் ஒரு ரூபா கூட ஏறாவிட்டாலும், பணிக்கொடை மட்டும் 7,18,200 ரூபா. இன்று திட்டத்தில் தரும் மொத்தத் தொகையையும் அது தாண்டிவிடுகிறது.

சம்பளம் ஏறாமல் இருக்குமா? 2016 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. 2019இல் 700. 2021இல் கொடுப்பனவோடு சேர்த்து 1,000. 2024இல் 1,350. எட்டு வருடத்தில் இந்த ஏற்றம் வந்தது. பணிக்கொடை கடைசிச் சம்பளத்தில் கணக்கிடப்படுவதால், ஒவ்வொரு சம்பள உயர்வும் பழைய வருடங்கள் அனைத்தையும் தூக்கிவிடுகிறது. 25 வருடச் சேவைக்கு 500 ரூபா வீதம் 1,75,000 ரூபா. அதே 25 வருடத்துக்கு 1,350 ரூபா வீதம் 4,72,500 ரூபா. 1,000 ரூபாச் சம்பளம் இருந்த கடைசி மாதத்தில் விலகிய ஒருவர், 25 வருடச் சேவைக்கு 1,22,500 ரூபாவை இழந்தார். சம்பள உயர்வுப் பேச்சு நடக்கும் காலத்தில் கடைசித் திகதி போட்ட கடிதம் வந்தால், ஏன் இந்த அவசரம் என்று கேட்டுப் பாருங்கள். உயர்வு வந்த பின் கொடுக்க வேண்டிய பணிக்கொடை, முன்பு கொடுப்பதைவிட அதிகம் என்பது நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும்.

சிலர் நியாயமாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். "நான் இங்கே விட்டால் சும்மாவா இருக்கப் போகிறேன்? வேறு இடத்தில் கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பேன். அதே சம்பளம் வரும்தானே?" சரி, அதே 27,000 ரூபா மாதம் தவறாமல் வருகிறது என்றே வைத்துக் கொள்வோம். கைக்காசுக்கு எடுக்கும் இடங்களில் பெரும்பாலும் சேமலாப நிதி போடுவதில்லை. நிர்வாகம் செலுத்தும் 12 சதவீதமும் 3 சதவீதமும் சேர்ந்து மாதம் 4,050 ரூபா. வருடத்துக்கு 48,600 ரூபா. 13 வருடத்துக்கு 6,31,800 ரூபா. இதோடு அந்த 13 வருடத்துக்கு வளர வேண்டிய பணிக்கொடை 2,45,700 ரூபா. இரண்டும் சேர்ந்து 8,77,500 ரூபா. கையில் வாங்கியது 2,27,500 ரூபா. வங்கியில் போட்டால் வட்டி வரும் என்பது உண்மை. ஆனால் சேமலாப நிதிக்கும் வருடா வருடம் வட்டி சேர்கிறது. தவிர, வாங்கிய பணம் வங்கியில் தங்குமா, கடனுக்கும் கலியாணத்துக்கும் போகுமா என்பதை அவரவர் மனதைத் தொட்டுச் சொல்ல வேண்டும். 2022இல் விலைவாசி ஏறிய ஏற்றத்தில், அதற்கு முன் மொத்தமாக வாங்கி வைத்த பணம் என்ன ஆனது என்பதையும் நாம் மறக்கவில்லை.

அதே தோட்டத்திலேயே, அதே மலையில், விலகியவர்களைக் கைக்காசுக்கு எடுப்பதும் நடக்கிறது. சில இடங்களில் தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்துப் பராமரிக்கச் சொல்லிக் கொழுந்தை விலைக்கு வாங்குகிறார்கள். அங்கே நீங்கள் தொழிலாளி இல்லை, கொழுந்து விற்பவர் என்று சொல்லப்படும். அப்படியானால் நாட்சம்பளமும் இல்லை, நிதியும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. மலைக்கு வேலை இல்லை என்பதற்காகவா ஆட்களைக் குறைக்கிறார்கள், அல்லது நிரந்தரப் பெயர்களைத்தான் குறைக்கிறார்களா என்பதற்கு இதுவே பதில்.

அப்படியானால் நியாயமான தொகை எவ்வளவு? அளந்து பார்க்கச் சட்டத்திலேயே ஒரு கோல் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவருடைய வேலையை நிர்வாகம் நிறுத்துவதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. சுயவிருப்பு ஓய்வு என்பது முதல் வழி. நீங்கள் வைக்கும் கையொப்பமே அந்தச் சம்மதம். அதை வாங்கிவிட்டால் நிர்வாகம் ஆணையாளரிடம் போக வேண்டியதில்லை.

இரண்டாவது வழியில் போனால், ஆணையாளர் நட்டஈட்டைத் தீர்மானிப்பதற்கு வர்த்தமானியில் வெளியான ஓர் அளவு இருக்கிறது. முதல் ஐந்து வருடத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வரையான வருடங்களுக்கு இரண்டு மாதம். 15 முதல் 19 வரை ஒன்றரை மாதம். 20 முதல் 24 வரை ஒரு மாதம். 25 முதல் 34 வரை அரை மாதம். எமது தாய்க்கு இதைக் கூட்டினால் நாற்பத்து மூன்றரை மாதச் சம்பளம். மாதம் 27,000 ரூபா என்று வைத்தால் 11,74,500 ரூபா. பணிக்கொடை இதற்கு வெளியே.

இந்த 11 இலட்சத்தை, விலகாமல் இருந்தால் தருவார்கள் என்று நாம் சொல்லவில்லை. நிர்வாகம் ஆட்குறைப்புக்கு அனுமதி கேட்டு, ஆணையாளர் அனுமதித்தால் மட்டுமே இந்தக் கணக்கு வரும். ஆனால் உங்கள் கையொப்பத்தின் பெறுமதி என்ன என்பதை இது காட்டுகிறது. கையொப்பம் இல்லாவிட்டால் நாற்பத்து மூன்றரை மாதம் வரை பேச வேண்டிய நிர்வாகம், கையொப்பத்துக்காக எட்டு மாதத்தை நீட்டுகிறது. பேரம் பேச இடமிருக்கிறது என்று நாம் சொல்வது இதனால்தான். தனித்தனியாக ஒப்பீஸுக்குப் போனால் அந்த இடம் இல்லாமல் போகும்.

இனி, எடுப்பது சரியாக இருக்கக்கூடியவர்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை.

கவ்வாத்து வெட்டும் ஒரு தோழர். வயது 55. 1990இல் பெயர் பதிந்தவர், 35 வருடச் சேவை. முழங்கால் தேய்ந்து மேட்டில் ஏற முடியவில்லை. இப்போது மாதம் ஆறு பேர்தான் போடுகிறார். அதே திட்டப்படி அவருக்கு 9,80,000 ரூபா. பணிக்கொடை 6,61,500 ரூபாவைக் கழித்தால் நிர்வாகம் தருவது 3,18,500 ரூபா. மாதம் ஆறு நாள் என்றால் அவருடைய சம்பளம் 8,100 ரூபா. 60 வரை ஐந்து வருடமும் இப்படியே போக முடிந்தால், சம்பளம், நிர்வாகம் போடும் நிதிப் பணம், வளரும் பணிக்கொடை எல்லாம் சேர்ந்து 6,53,400 ரூபா. அப்போது இருப்பதே இலாபம். ஆனால் அவருடைய கால் இரண்டு வருடம்தான் தாங்கும் என்றால், இதே கணக்கு 2,61,360 ரூபாவாகக் குறைகிறது. அப்போது திட்டத்தில் வருவது கூட. அதோடு அவருக்கு 55 ஆகிவிட்டதால் சேமலாப நிதியையும் உடனே எடுக்கலாம். வீட்டில் உழைக்கும் பிள்ளைகள் இருந்தால், அவர் எடுப்பதை நாம் தவறு என்று சொல்ல மாட்டோம்.

ஆகவே ஒவ்வொருவரும் தன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை இலட்சம்?" என்பது அல்ல. "இன்னும் எத்தனை வருடம், மாதத்துக்கு எத்தனை பேர் என்னால் போட முடியும்?" என்பதே. கடந்த பன்னிரண்டு மாதத்துச் சம்பளத் துண்டுகளை எடுத்து, போட்ட பேர்களைக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். மாதம் 15, 20 பேர் போடுகிறவரும் 50 வயதுக்கு உட்பட்டவரும் பணக்கணக்கில் தோற்பார்கள். உடல் விட்டுப்போனவர், 60ஐ நெருங்கியவர், நிதியை எடுக்கும் வயதைக் கடந்தவர் ஆகியோர் யோசிக்கலாம்.

யோசித்து எடுப்பது என்று முடிவு செய்தவர்களுக்கும் சில வேலைகள் இருக்கின்றன. இவற்றைக் கையொப்பம் வைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலாவது, சேவை தொடங்கிய திகதி. மேலே சொன்ன தோழர் பெயர் பதிந்தது 1990இல். தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பெடுத்தது 1992இல். ஒப்பீஸ் கணக்கில் 1992 முதல் என்று எழுதப்பட்டிருந்தால் இரண்டு வருடம் காணாமல் போகிறது. இந்தத் திட்டத்தில் அதன் விலை 56,000 ரூபா. நிர்வாகம் மாறியதால் தொழிலாளியின் சேவை அறுவதில்லை. பிரசவ லீவு எடுத்த காலத்தையும், வேலையில் காயப்பட்டுப் படுத்திருந்த காலத்தையும் வெட்டி வருடத்தைக் குறைக்கிறார்களா என்றும் பாருங்கள். பழைய செக்ரோல் பதிவைக் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். பழைய சம்பளத் துண்டு, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் பதிந்த முதல் திகதி, சந்தாப் புத்தகம் ஆகியவை சாட்சியாக உதவும்.

இரண்டாவது, பெயர். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பி கார்ட்டில் மூன்றாவது பெயர் என்று இருப்பது எமது மக்களிடம் சாதாரணம். வேலையில் இருக்கும்போது இதைத் திருத்துவது இலகு, நிர்வாகத்தின் கையொப்பம் கிடைக்கும். விலகிய பிறகு அதே கையொப்பத்துக்காக மாதக் கணக்கில் ஒப்பீஸ் வாசலில் நிற்க வேண்டி வரும். நிதிப் பணம் முழுமையாகச் செலுத்தப்பட்டிருக்கிறதா, இடையில் மாதங்கள் விடுபட்டிருக்கின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பணம் வரும் நாள். பணிக்கொடையை வேலை முடிந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தாமதித்தால் 10 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் கடந்தால் 30 சதவீதம் வரை மேலதிகமாகச் செலுத்த வேண்டும். "தவணை தவணையாகத் தருவோம்" என்று கடிதத்தில் இருந்தால், அது பணிக்கொடைக்குப் பொருந்தாது என்று எழுதிக் கேளுங்கள். மேலதிகத் தொகைக்குத் தவணை என்றால், ஒவ்வொரு தவணையின் திகதியும் கடிதத்தில் இருக்க வேண்டும். முன்பணம், கடன் என்று எதைக் கழித்தாலும் அதற்கும் வரி வரியாகக் கணக்கு வேண்டும்.

நான்காவது, காம்பரா. "ஓய்வு பெற்றதும் குடியிருப்பை ஒப்படைக்க வேண்டும்" என்ற வரி சில கடிதங்களில் நடுவில் புதைந்து கிடக்கிறது. தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒருவரை வெளியேற்றுவதற்கு நீதிமன்றக் கட்டளை தேவை என்று 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புச் சட்டம் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இருக்கும்போது, நாமாகவே ஒப்படைக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துப் பலவீனப்பட வேண்டாம். வீட்டில் வேறு எவருக்கும் தோட்டத்தில் பெயர் இல்லை என்றால் இந்த வரிக்கு இன்னும் கவனம் வேண்டும். அது நீக்கப்படும் வரை கையொப்பம் வேண்டாம்.

கடைசியாக, கடிதத்தின் மொழி. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதிய படிவத்தில், "வாய்மொழியாக விளக்கினோம்" என்று சொல்லிக் கையொப்பம் வாங்குவதை ஏற்க முடியாது. தமிழ்ப் பிரதி கேளுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்த பிள்ளையிடம் கொடுத்து முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். தலைப்பில் "சுயவிருப்பு ஓய்வு" என்று இருந்து, உள்ளே வெறும் "இராஜினாமா" என்று மட்டும் இருந்தால், மேலதிகத் தொகைக்கு எந்தப் பிடியும் இருக்காது. "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற வரி இருந்தால், பணிக்கொடை, சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி நிலுவைகள் நீங்கலாக என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

சங்கம் நிர்வாகங்களிடம் கேட்பது இதைத்தான். பணிக்கொடையைத் திட்டத் தொகைக்குள் புதைக்காமல் தனியாக எழுதுங்கள். மேலதிகத் தொகை எத்தனை மாதச் சம்பளம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சம்மதம் கொடுத்தவர் யோசித்து மீளப் பெறுவதற்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள். விலகியவருடைய இடத்துக்குக் கைக்காசு ஆளை எடுக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி தாருங்கள். இதில் எதற்கும் சம்மதிக்காத திட்டத்தைத் தொழிலாளருக்கான உதவி என்று எம்மால் அழைக்க முடியாது.

கடிதம் கைக்கு வந்தவர்கள், கடைசித் திகதிக்கு முன் அதன் பிரதியோடும் கடைசி மூன்று சம்பளத் துண்டுகளோடும் உங்கள் தோட்டத் தலைவரைச் சந்தியுங்கள். மாவட்டக் காரியாலயத்தில் உட்கார்ந்து உங்கள் வயதையும் உங்கள் வருடங்களையும் வைத்து இதே கணக்கைப் போட்டுத் தருவோம். நாட்சம்பளம் மாறியிருந்தால் 1,350 என்ற இடத்தில் புதிய எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான். கணக்கைப் பார்த்த பிறகு எடுக்கிறேன் என்றால் எடுக்க உதவுவோம். வேண்டாம் என்றால், வேண்டாம் என்று சொன்ன காரணத்துக்காக எவருடைய பேரும் வெட்டப்படாமல் பார்த்துக்கொள்வதும் எமது வேலை.